550 எலுமிச்சம்பழம், ஐந்தரை லிட்டர் சாறு: ஒரு கல்யாண ஆர்டரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு பழச்சாறுக் கடை நடத்துகிறோம். கடை வியாபாரம் தவிர, சுற்று வட்டாரக் கல்யாண மண்டபங்களுக்கும் சாறு போட்டுக் கொடுப்பது உண்டு. இங்கே எழுதுவது வைகாசி முகூர்த்தம் ஒன்றில் நடந்தது. அன்று காலையில் எங்கள் கணக்கு தவறியது. மாலையில் அதே தவறு மறுபடியும் நடக்க இருந்து, நடக்காமல் போனது. இரண்டுக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: காலை வேலைக்கு நாங்கள் எண்ணினோம், மாலை வேலைக்கு அளந்தோம்.

பெண் வீட்டார் பத்து நாள் முன்னால் வந்து பேசினார்கள். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. தாலி கட்டி முடிந்து வெளியே வருகிற 500 பேருக்குக் குளிர்ந்த ஜூஸ் வேண்டும். மாலை வரவேற்பில் 300 பேருக்கு, அங்கேயே மிஷின் வைத்துப் பிழிந்த கரும்புச்சாறு வேண்டும்.

காலைக்கு முதலில் அவர்கள் கேட்டது ஆரஞ்சு. தண்ணீர் கலக்காத சாறு, ஆளுக்கு 150 மில்லி. ஆரஞ்சை அந்த அளவில் நாங்கள் போட்டுப் பழக்கமில்லை. அதனால் பெண்ணின் அப்பாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, அவர் கண்முன்னாலேயே 2 கிலோ பழத்தை எடை போட்டு, தோலுரித்துப் பிழிந்து வடிகட்டினோம். 760 மில்லி வந்தது. அதாவது கிலோவுக்கு 380 மில்லி. 500 பேருக்கு 75 லிட்டர் வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ பழம் வாங்க வேண்டும். தோல் தளர்ந்த ஆரஞ்சில் கையில் பெரிதாகத் தெரிவதில் பாதிக்கு மேல் தோலும் சக்கையும்தான். விலையைச் சொன்னதும் அவர், "அப்ப எலுமிச்சம்பழமே போட்டுடுங்க தம்பி" என்றார்.

இந்த இடத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தெரியாத பழம் என்பதால் ஆரஞ்சை அளந்து பார்த்தோம். எலுமிச்சை நன்றாகத் தெரிந்த பழம் என்பதால் அளக்கவே தோன்றவில்லை.

எலுமிச்சைக்குப் போட்ட கணக்கு

எங்கள் வழக்கப்படி 1 லிட்டர் எலுமிச்சைச் சாற்றுக்குத் தண்ணீர், சர்க்கரை, ஐஸ் எல்லாம் சேர்ந்து 12 லிட்டர் ஜூஸ் ஆகும். ஆளுக்கு 180 மில்லி என்று வைத்தால் 500 பேருக்கு 90 லிட்டர். அதற்கு வேண்டிய சுத்தமான சாறு ஏழரை லிட்டர், அதாவது ஒரு டம்ளருக்கு 15 மில்லி.

இதை எத்தனை பழம் என்று மாற்றும்போது கைப்பழக்கத்தை நம்பினோம். ஒரு டம்ளருக்கு ஒரு பழம் என்பது எங்கள் கணக்கு. தை, மாசிக் கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வாங்கினோம், ஒரு முறையும் குறைந்ததில்லை. 500 பழம், கைகாவலுக்குப் பத்து சதவீதம் கூடுதல், ஆக 550 என்று மொத்த வியாபாரியிடம் சொன்னோம். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மூட்டையில் பழம் வந்தது. மைத்துனர் உட்கார்ந்து எண்ணினார். 550க்கு மேல் நாலைந்து இருந்தது, அழுகலும் அவ்வளவுதான். எண்ணிக்கை சரி என்று மூட்டையைக் கட்டி மண்டபத்துக்கு அனுப்பினோம். யாரும் தராசில் வைக்கவில்லை.

காலையில் கண்டது

விடியற்காலை நாலு மணிக்குப் பிழிய உட்கார்ந்தோம். மூன்று பேர் கட்டையில் பிழிய, ஒருவர் நறுக்கிக் கொடுத்தார். சாறு வடிந்து விழுந்த எவர்சில்வர் பாத்திரத்தில் லிட்டர் கோடு போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நறுக்குகிறவர் பத்துப் பத்தாக எடுத்து வைத்ததால் எத்தனை பழம் போயிற்று என்பதும் தெரிந்தது.

200 பழம் முடிந்தபோது பாத்திரத்தில் 3 லிட்டர் இருந்திருக்க வேண்டும். 2 லிட்டர்தான் இருந்தது. முதலில் பாத்திரம் சாய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். எங்களிடம் வெகுநாளாகப் பிழிகிற அக்கா, நறுக்கிய பாதி ஒன்றை விளக்கடியில் திருப்பிக் காட்டினார். "தம்பி, பழம் சின்னது, தோலும் கனம். உள்ளே ஒண்ணுமில்ல பாரு."

அவர் சொன்னது சரி. மீதமிருந்த 350 பழத்தை மண்டபத்துச் சமையல்கட்டுத் தராசில் போட்டோம். 11 கிலோ 200 கிராம். பழம் ஒன்று 32 கிராம். மாசியில் நாங்கள் வாங்கிய பழம் 47 கிராம் வரை இருந்திருக்கிறது. கடையில் இருக்கும் பழைய எடைச் சீட்டுகளிலிருந்து இதைப் பின்னால் சரிபார்த்துக்கொண்டோம்.

அப்போது மணி நாலே முக்கால். காகிதத்தில் எழுதிப் பார்த்தது இவ்வளவுதான்:

பிழிந்த 200 பழம் = சுமார் 6.4 கிலோ. வந்த சாறு 2 லிட்டர். கிலோவுக்குச் சுமார் 312 மில்லி.
மொத்தப் பழம் = 17.6 கிலோ. வரக்கூடிய சாறு ஐந்தரை லிட்டர்.
வேண்டியது ஏழரை. குறைவது 2 லிட்டர்.

இந்தக் கணக்கு அரை மணி நேரம் தள்ளி வந்திருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. எல்லாவற்றையும் பிழிந்து முடித்த பிறகுதான் பாத்திரத்தைப் பார்ப்பது என்பது பல இடங்களில் வழக்கம். மூன்றில் ஒரு பங்கு போனதும் பார்த்தது எங்கள் திட்டத்தில் இருந்ததல்ல. கோடு போட்ட பாத்திரம் அன்றைக்குக் கையில் கிடைத்ததால் நடந்தது.

அந்த அரை மணி நேரத்தில் எடுத்த முடிவுகள்

எங்கள் முன்னால் நாலு வழி இருந்தது.

முதல் வழி, இருக்கிற ஐந்தரை லிட்டரையே 90 லிட்டருக்கு இழுப்பது. அப்படிச் செய்தால் 12 பங்கு என்பது 16 பங்குக்கு மேல் போய்விடும். ஒரு டம்ளர் கலந்து குடித்துப் பார்த்தோம். சர்க்கரைத் தண்ணீர் போல இருந்தது. விட்டுவிட்டோம்.

இரண்டாவது, எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கிற சிட்ரிக் அமிலத்தைச் சேர்ப்பது. புளிப்பு ஏறும், பழத்தின் மணம் வராது. அதோடு, அவர்கள் பழச்சாறு என்று கேட்டு, நாங்களும் பழச்சாறு என்று சொல்லி விலை பேசியிருக்கிறோம். அதில் நானும் மைத்துனரும் ஒரே மனதாக வேண்டாம் என்றோம்.

மூன்றாவது வழியை யாரும் கேட்காமலேயே எங்கள் பையன் ஒருவன் ஆரம்பித்துவிட்டான். பிழிந்து போட்ட தோல்களை அள்ளி, மாலைக்கென்று கொண்டு வந்திருந்த கரும்பு மிஷினின் உருளைக்குள் விட்டான். 400 மில்லி வந்தது. பார்ப்பதற்கு நல்ல சாறு போலத்தான் இருந்தது. அதைத் தனியாக வைக்கச் சொல்லி, ஒரு டம்ளர் மட்டும் கலந்தோம். குடித்தவுடன் பெரிதாகத் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து அதே டம்ளரைக் குடித்தால் நாக்கின் அடியில் கசப்பு நின்றது. தோலில் இருக்கும் எண்ணெயும், உள்பக்கத்து வெள்ளைச் சதையும், நசுங்கிய விதையும் சேர்ந்து வருகிற கசப்பு அது. நேரம் ஆக ஆக ஏறும். அந்த 400 மில்லியை நல்ல சாற்றில் ஊற்றியிருந்தால் ஐந்தரை லிட்டரும் கெட்டிருக்கும். கொட்டிவிட்டோம். அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. சாறு குறைகிறது என்றால் யாருக்கும் முதலில் கை போகிற இடம் அதுதான்.

நாலாவது, பழம் வாங்குவது. மொத்த மார்க்கெட் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கும். கிலோவுக்கு 312 மில்லி என்றால் 2 லிட்டருக்கு 6.4 கிலோ வேண்டும். 7 கிலோ என்று முடிவு செய்து மைத்துனர் வண்டியை எடுத்தார். போகும்போது நாங்கள் பேசிக்கொண்டது: எண்ணிக்கையில் வாங்க வேண்டாம், எடையில் வாங்கு, வாங்குமுன் ஒரு பழத்தை அறுத்துப் பார்.

அவர் மூன்று கடை பார்த்து, மஞ்சள் ஓடிய, தோல் வழவழப்பான பழமாக எடுத்து வந்தார். எலுமிச்சையில் நல்ல பழத்துக்கு அடையாளம் அளவு அல்ல. ஒரே அளவுள்ள இரண்டு பழத்தை இரு கையிலும் வைத்துப் பார்த்தால், கனமாக இருப்பதில் சாறு கூட இருக்கும். தோல் கரடுமுரடாக, மேடு பள்ளமாக, அழுத்தினால் கல் போல இருந்தால் தோல் கனம் என்று அர்த்தம். அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற பழம், மெல்லிய தோல்.

ஐந்தே முக்காலுக்குப் பழம் வந்தது. பிழியுமுன் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினோம். உருட்டுவதால் புதிதாகச் சாறு ஊறிவிடாது. உள்ளே இருக்கும் சுளைப் பைகள் உடைந்து, இருக்கிற சாறு சுலபமாக வெளியே வரும், அவ்வளவுதான். அந்த 7 கிலோவில் 2.6 லிட்டர் வந்தது, கிலோவுக்கு 370 மில்லிக்கு மேல். முதலில் வந்த பழம் எல்லாம் முடிந்தபோது கணக்குப்படியே ஐந்தரை லிட்டர். மொத்தம் 8.1 லிட்டர். ஏழரையை ஜூஸுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 600 மில்லியைப் பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தோம்.

ஏழரைக்கு ஜூஸ் தயாராக இருந்தது. எட்டரை வரை ஓடியது. அண்டாவில் ஐந்தாறு லிட்டர் மிஞ்சியது. மண்டபத்தில் யாருக்கும் இது தெரியாது. நாங்கள் மூன்றாம் தடவை காபி குடித்தது அப்போதுதான்.

எங்கே தவறியது

டிபன் முடிந்து உட்கார்ந்தபோது இதைப் பிரித்துப் பார்த்தோம். ஏன் என்று தெரியாமல் மாலை வேலையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

மாசிப் பழம் 47 கிராம், கிலோவுக்கு 350 மில்லி அளவு கொடுத்தது. வைகாசிப் பழம் 32 கிராம், கிலோவுக்கு 312. இரண்டும் குறைந்திருக்கிறது, ஆனால் ஒரே அளவில் குறையவில்லை. பழத்தின் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. எடைக்குச் சாறு பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆக, எங்களை ஏமாற்றியது பெரும்பாலும் சாறில்லாத பழம் அல்ல, சின்னப் பழம்.

எண்ணிக்கைக்குப் பதிலாக எடையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாசிக் கணக்கையே வைத்து, ஏழரை லிட்டரை 350 மில்லியால் வகுத்தால் 21.4 கிலோ. அதே பத்து சதவீதம் கூட்டினால் 23.6 கிலோ. அதைப் பிழிந்திருந்தால், 312 மில்லி கொடுத்த பழத்திலும் 7.3 லிட்டருக்கு மேல் வந்திருக்கும். குறைவது ஒரு டம்ளர் சாறு கூட இல்லை. கலவையில் யாருக்கும் தெரிந்திருக்காது. சோதனைப் பிழிவு எதுவும் செய்யாமல், எடையில் வாங்கியிருந்தாலே காலை நேரம் தப்பித்திருக்கும்.

கோடையில் எலுமிச்சைக்குக் கிராக்கி அதிகம், வரத்து குறைவு. மரத்தில் முற்ற விடாமல் பறிப்பதும் நடக்கும். தண்ணீர் குறைந்த தோட்டத்துப் பழம் சிறுத்துப் போகும். வியாபாரி எண்ணிக்கையில் விற்றார், எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்தார். அவர் மேல் சொல்ல ஒன்றுமில்லை. டம்ளருக்கு ஒரு பழம் என்பது அந்த அளவுப் பழத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. பழத்தின் அளவு மாறியதும் கணக்கும் செல்லாது. அதைத் தாண்டி நாங்கள் யோசிக்கவில்லை.

மாலைக் கரும்பு: போட்டிருந்த கணக்கு

கரும்புச்சாறு 300 பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி, மொத்தம் 60 லிட்டர். டம்ளருக்குள் ஐஸ் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்விப்பதாகப் பேச்சு. அதனால் 60 லிட்டரும் சாறாகவே வேண்டும்.

கரும்பில் பாதி சாறு என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. 60க்கு இரண்டு மடங்கு 120, கைகாவலுக்குப் பத்து கிலோ கூட்டி 130 கிலோ சொல்லியிருந்தோம். பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் முந்தின நாள் வெட்டிய கரும்பைப் பதினோரு மணிக்குக் கொண்டு வந்து இறக்கினார். கட்டுக்குப் பத்துக் கரும்பு, பத்துக் கட்டு. தோகை உரித்திருந்தது, ஆனால் கொழுந்தாடையும் அடி வேரும் அப்படியே இருந்தன. இந்தத் தடவை முதலில் செய்தது தராசில் வைத்தது. 130 கிலோ, சரியாக இருந்தது.

காலையில் பட்டது மனதில் இருந்ததால், சரியாக இருக்கிறதே என்று விடவில்லை. ஒரு கட்டை முழுசாகப் பிழிந்து பார்க்கலாம் என்றேன். மைத்துனர் தயங்கினார். பிழிந்த சாறு மாலை வரை நிற்காது, ஒரு கட்டு வீணாகுமே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் 13 கிலோ கரும்பு போவதா, ராத்திரி எட்டு மணிக்கு அறுபது பேருக்கு இல்லை என்று கையை விரிப்பதா என்று பார்த்தபோது, பிழிவதே மேல் என்று பட்டது.

ஒரு கட்டின் கணக்கு

எடுத்த கட்டு 13 கிலோ. கொழுந்தாடையையும் வேர்ப்பகுதியையும் வெட்டி, கணுவில் ஒட்டியிருந்த மண்ணையும் மேல் தோலையும் சுரண்டி, கழுவித் துடைத்ததும் மறுபடி எடை போட்டோம். 10.9 கிலோ. மிஷினுக்குள் போகுமுன்னே இரண்டு கிலோ போய்விட்டது. பாதி சாறு என்கிற கணக்கு இந்தச் சுத்தம் செய்த கரும்புக்கு உரியது, வண்டியில் வந்து இறங்கும் கரும்புக்கு அல்ல. நாங்களோ அதைக் கட்டுக் கரும்புக்குப் போட்டிருந்தோம்.

கரும்பை மடக்கி மடக்கி மூன்று முறை விட்டோம். சக்கையைக் கையில் முறுக்கிப் பார்த்தால் சொட்டவில்லை. சொட்டியிருந்தால் உருளையின் இடைவெளியை இறுக்க வேண்டியிருக்கும், அதற்கு முன் எந்த அளவும் அளவில்லை. நாலாவது முறையும் விட்டுப் பார்த்தோம். ஒரு டம்ளருக்கும் குறைவாக, பச்சை வாடையோடு கலங்கலாக வந்தது. மூன்றோடு நிறுத்துவது என்று முடிவு செய்தோம்.

பிழிந்தவுடன் பாத்திரத்தில் கிட்டத்தட்ட 6 லிட்டர் கோட்டைத் தொட்டது. பையன் சந்தோஷப்பட்டான். கரும்புச்சாற்றில் மேலே நிற்பது நுரை. மெல்லிய துணியில் வடிகட்டி, பத்து நிமிஷம் வைத்து, நுரை அடங்கியதும் பார்த்தால் 5.2 லிட்டர். கடையில் டம்ளர் டம்ளராகப் பிழிந்து கொடுக்கும்போது நுரையும் சேர்த்தே டம்ளர் நிரம்பும், அதனால் இது கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. கரும்புச்சாறு தண்ணீரை விடக் கனம். சர்க்கரை அவ்வளவு கரைந்திருப்பதால் ஒரு லிட்டர் சாறு 1 கிலோ 70 கிராம் அளவு நிறுக்கும். ஆகவே பத்து கிலோ சாறு என்பது பத்து லிட்டர் ஆகாது, ஒன்பதரைக்குள்தான் நிற்கும். எடையில் பாதி சாறு என்று சொல்பவர் எடையைச் சொல்கிறார், நாம் அதை லிட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். எலுமிச்சையில் இந்த வித்தியாசம் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்குச் சின்னது.

இவ்வளவையும் தனித்தனியாகக் கழித்துப் பார்க்கத் தேவையில்லை என்பது அப்போது புரிந்தது. 13 கிலோ வாங்கினோம், ஊற்றத் தயாரான சாறு 5.2 லிட்டர். கிலோவுக்கு 400 மில்லி. சுத்தம் செய்ததில் போனது, சக்கையில் நின்றது, நுரை, கனம் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

எடுத்த முடிவும் காரணமும்

கையில் மிச்சம் ஒன்பது கட்டு, 117 கிலோ. 400 மில்லி வீதம் 46.8 லிட்டர். வேண்டியது 60. அதோடு பத்து சதவீதம் கைகாவல் வைத்தால் 66. குறைவது 19.2 லிட்டர். அதை 0.4 ஆல் வகுத்தால் 48 கிலோ. நாலு கட்டு, 52 கிலோ.

விவசாயிக்கு இரண்டு மணிக்கு போன் செய்தோம். "இப்பவே வெட்டிட்டு வரேன்" என்றார். ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது. சோதனைக்குப் பிழிந்த சாறு சமையல்கட்டில் வேலை செய்தவர்களுக்குப் போயிற்று. மைத்துனர் வீண் என்று நினைத்தது வீணாகவும் இல்லை.

மதியமே எல்லாவற்றையும் பிழிந்து ஐஸில் வைத்துவிடலாம் என்று மண்டபத்தில் ஒருவர் யோசனை சொன்னார். மறுத்தோம். கரும்புச்சாறு காற்றுப் பட்டால் கறுக்கும், சூட்டில் சீக்கிரம் புளிக்கும். கைகாவல் என்று வைப்பது கரும்பாகவே இருக்க வேண்டும். பிழியாத கரும்பு மறுநாள் கடைக்கு ஆகும், பிழிந்த சாறு ஒருவருக்கும் ஆகாது. எல்லாக் கரும்பையும் சுரண்டித் துடைத்து ஈரத்துணி போர்த்தி வைத்தோம். ஆறு மணிக்குத்தான் மிஷினைப் போட்டோம்.

காலையில் மிஞ்சிய 600 மில்லி எலுமிச்சைச் சாறு இங்கே உதவியது. லிட்டருக்கு 10 மில்லி வீதம், இஞ்சியோடு சேர்த்தோம். ருசிக்கு மட்டுமல்ல, அந்தப் புளிப்பு கரும்புச்சாறு கறுப்பதையும் தாமதப்படுத்தும்.

விளைவு

எட்டரைக்கு முடிந்தபோது 290 டம்ளர் போயிருந்தது, 58 லிட்டர். அதற்குச் செலவான கரும்பு 150 கிலோ. கிலோவுக்குச் சுமார் 390 மில்லி. சோதனையில் வந்த 400க்கு மிக அருகில். மாலை அவசரத்தில் சில கரும்பை இரண்டே முறை விட்டதும், கீழே சிந்தியதும் அந்தப் பத்து மில்லியாக இருக்கலாம். 19 கிலோ பிழியாமல் மிஞ்சி, மறுநாள் கடைக்கு வந்தது.

சோதனை செய்யாமல் இருந்திருந்தால் 130 கிலோவுக்கு 50 லிட்டர் அளவுதான் வந்திருக்கும். குடித்த 290 பேரில் நாற்பது பேருக்குக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் கரும்பு வெட்டிக் கொண்டு வர யாராலும் முடிந்திருக்காது.

இனி மாற்றிக்கொள்வது

இப்போது எந்தப் பழமானாலும் ஒரே வழியில் கணக்குப் போடுகிறோம். முதலில் ஊற்ற வேண்டிய சாறு எத்தனை மில்லி என்று எழுதுகிறோம். கலக்கிற ஜூஸ் அல்ல, சுத்தமான சாறு. அதை, வாங்கும் நிலையில் உள்ள ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லி வரும் என்பதால் வகுக்கிறோம். அதில் வருவதுதான் வாங்க வேண்டிய கிலோ. அதன் மேல் பத்து சதவீதம்.

கிலோவுக்கு இத்தனை என்ற எண்ணை முன்கூட்டி ஆர்டர் கொடுக்கும்போது நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்கிறோம். அது உத்தேசம். மூட்டை வந்து இறங்கியதும் மறுபடி அளக்கிறோம், அதுதான் நிஜக் கணக்கு. எலுமிச்சைக்கு ஒரு கிலோ போதும். ஆனால் மூட்டையின் மேல் வாயிலிருந்து மட்டும் எடுத்தால் ஏமாறுவோம், நல்ல பழம் மேலே இருப்பது வழக்கம். மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுக்கிறோம். கரும்புக்கு ஒரு கரும்பை மட்டும் பிழிந்து பார்த்தால் போதாது. அடிக்கரும்புக்கும் நுனிக்கும், ஒரு கரும்புக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் அதிகம். அரைக் கட்டாவது வேண்டும். மிஞ்சும் சோதனைச் சாற்றுக்கு ஆள் எப்போதும் இருக்கிறார்கள்.

சோதனையைப் பிழிபவரும் முக்கியம். நான் ஒரு கிலோவை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை பிழிந்து 340 மில்லி என்று எழுதினால், விடியற்காலை நாலு மணிக்கு 600 பழம் பிழிகிறவர் கையில் அந்த 340 வராது. அதனால் அந்த அக்காவையே பிழியச் சொல்கிறோம், அவருடைய வழக்கமான வேகத்தில்.

நேரம்தான் இன்னும் சரியாக அமையாத விஷயம். பழம் முந்தின நாள் சாயங்காலம் வந்தால் அளந்து, குறைந்தால் மார்க்கெட் போக ஒரு ராத்திரி இருக்கிறது. கரும்பு அப்படி இல்லை. முந்தின நாளே வாங்கி வைத்தால் காய்ந்து எடையும் சாறும் குறைகிறது, அன்றைக்கு வந்தால் திருத்த நேரம் குறைவு. இப்போதைக்கு விவசாயியிடம் மூன்று, நாலு கட்டுக்கான கரும்பை வயலில் வெட்டாமல் நிறுத்தி வைக்கச் சொல்லி, மதியம் இரண்டு மணிக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்றாலும் அவருக்கு நஷ்டமில்லை, கரும்பு வயலிலேயே நிற்கிறது.

நோட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி: தேதி, பழம், வாங்கிய கிலோ, ஒரு பழத்தின் எடை, வந்த சாறு, கிலோவுக்கு எத்தனை மில்லி. அந்த வைகாசி முகூர்த்தம் முதல் வரி. எலுமிச்சை 32 கிராம், 312. கார்த்திகையில் எழுதிய வரியில் 46 கிராம், 365 என்று இருக்கிறது.